ஏர்பேக் லைட் எரியுது, ஆனா ஸ்கேனர்ல கோடே இல்லையா?

"ஏர்பேக் லைட் எரிஞ்சா ப்ளூடூத் ஸ்கேனர் மாட்டிப் பாருங்க, கோடு எதுவும் வரலைனா வண்டில ஃபால்ட் இல்ல, லைட்தான் சும்மா எரியுது."

இத நம்பி தயவுசெய்து வண்டி ஓட்டாதீங்க. சின்ன ஸ்கேனர் கேக்குறது எஞ்சின் கம்ப்யூட்டர மட்டும்தான், அதுவும் புகை சம்பந்தப்பட்ட P-ல ஆரம்பிக்கிற கோடுங்கள. ஏர்பேக் கோடு B-ல ஆரம்பிக்கும், அது வேற மாட்யூல்ல உக்காந்திருக்கு, அந்த மாட்யூல யாருமே கேக்கல, அதனாலதான் "கோடு இல்ல"ன்னு வருது. வாங்கும்போதே ஏர்பேக், ஏபிஎஸ் ரெண்டும் உங்க வண்டி மாடலுக்கு படிக்குமான்னு பாத்து வாங்குங்க.

ஸ்கேனர் மாட்டுற சாக்கெட் கிடைக்கலைனா ஸ்டீயரிங்குக்கு கீழ முட்டி இடிக்கிற இடத்துல குனிஞ்சு டார்ச் அடிங்க, 16 பின் இருக்கும், மேல் பக்கம் அகலம் கீழ குறுகல். சில வண்டில ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்குப் பின்னாடியோ நடுவுல ஆஷ்ட்ரே பக்கமோ ஒளிஞ்சிருக்கும்.

ஸ்கேனருக்குள்ள இருக்கிற ELM327 சிப் மலிவு க்ளோனான்னு தெரியணும்னா டெர்மினல் ஆப்ல இத அடிச்சுப் பாருங்க:

```
ATI
```

`ELM327 v1.5`ன்னு வந்தா க்ளோன்தான், ஒரிஜினல் கம்பெனி அந்த வெர்ஷன விட்டதே இல்ல. எஞ்சின் கோடு படிக்க அது பரவால்ல, ஆனா சிலது பழைய வண்டியோட பேசவே பேசாது. வேல முடிஞ்சதும் கழட்டிடுங்க, 16வது பின்ல சாவி எடுத்தாலும் பேட்டரி கரண்ட் வந்துட்டே இருக்கும்.