ஹாஷ் செய்தாலும் போன் நம்பர் மறைந்துவிடாது

"உங்கள் தொடர்புகளை ஹாஷ் செய்துதான் அனுப்புகிறோம், எண்கள் எங்களுக்குத் தெரியாது" என்று ஒரு செயலி சொன்னால், அதன் பின்பாதியை நம்பாதீர்கள். ஹாஷ் என்பது ஓர் எண்ணைக் கணக்கில் போட்டு, பார்த்தால் அடையாளம் தெரியாத நீண்ட எழுத்துச் சரமாக மாற்றுவது. உங்கள் நண்பர்களில் யார் யார் அந்தச் செயலியில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் தொடர்புகளைக் கேட்கிறார்கள்.

2012-இல் பாத் என்ற செயலி ஐபோனில் இருந்த முகவரிப் புத்தகத்தை, பெயரும் எண்ணும் மின்னஞ்சலுமாக, கேட்காமலேயே தன் சர்வருக்கு ஏற்றியது அம்பலமானது. அப்போது பலரும் சொன்ன தீர்வுதான் ஹாஷ். முதலில் எல்லா எண்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். முன்னால் 0 போட்டுச் சேமித்தாலும், நடுவில் இடைவெளி விட்டிருந்தாலும், +91-உம் பத்து இலக்கமுமாக மாற்றிவிடுவார்கள். ஓர் இலக்கம் பிசகினாலும் ஹாஷ் முழுக்க மாறிவிடும், நண்பர் கிடைக்க மாட்டார். அப்புறம் SHA-256 போன்ற கணக்கில் போட்டு, வருகிற நீண்ட எழுத்துச் சரத்தை மட்டும் அனுப்புவார்கள். சர்வர் தன் உறுப்பினர்களின் ஹாஷ்களோடு அதை ஒப்பிட்டு, யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும்.

ஹாஷிலிருந்து எண்ணைத் திருப்பி எடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் திருப்பி எடுக்க வேண்டிய தேவையே இல்லை. இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9-இல் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தச் சாத்தியமே 400 கோடி. நொடிக்குப் பத்து லட்சம் ஹாஷ் போடும் சாதாரணக் கணினி 4,000 நொடியில், அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அத்தனைக்கும் ஹாஷ் போட்டுப் பட்டியலாக வைத்துக்கொள்ளும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் நொடிக் கணக்குதான். பிறகு எந்த ஹாஷ் வந்தாலும் பட்டியலில் தேடி எண்ணைச் சொல்லிவிடலாம். முதல் ஐந்து இலக்கம் தெரிந்துவிட்டால் மிச்சம் வெறும் ஒரு லட்சம்!

கடவுச்சொல்லுக்குச் சேர்ப்பதுபோல ஆளுக்கொரு சால்ட், அதாவது ஹாஷ் போடும் முன் ஒட்டும் தனிச் சரம், சேர்க்கலாமே என்று கேட்பார்கள். என் போனில் போடும் ஹாஷும் சர்வரில் இருக்கும் ஹாஷும் ஒன்றாக வந்தால்தானே நண்பரைக் கண்டுபிடிக்க முடியும்? அதனால் எல்லோருக்கும் ஒரே சால்ட்தான் வைக்க வேண்டும். அது சர்வருக்கும் தெரியும். மேலே சொன்ன பட்டியலை அதே சால்ட்டோடு இன்னொரு முறை போட்டால் போதும்.

சிக்னல் என்ற செய்திச் செயலியை உருவாக்கிய அமைப்பு இந்தச் சிக்கலை 2014-லேயே வெளிப்படையாக எழுதியது. 2017-இல், சர்வரை நடத்துபவரே எட்டிப் பார்க்க முடியாதபடி இன்டெல் சிப்பில் தனியாக ஒதுக்கிய பகுதிக்குள் ஒப்பிடும் முறையை அறிவித்தது. அந்தச் சிப்பின் பாதுகாப்பை நம்பியாக வேண்டும் என்ற குறை அதிலும் உண்டு. இருந்தாலும் வெறும் ஹாஷைவிட எவ்வளவோ மேல்.

எனக்கு இதில் பெரிய கவலை, அந்தச் செயலியில் சேராதவர்களைப் பற்றித்தான். உங்கள் போனில் இருக்கும் மருத்துவர், வீட்டு வேலைக்கு வருபவர், பழைய சிநேகிதி எல்லோருடைய ஹாஷும் சேர்ந்துதான் போகிறது. அவர்கள் யாரும் சம்மதிக்கவில்லை. பொருந்தாத ஹாஷை ஒப்பிட்ட உடனே அழிக்கிறார்களா, வைத்துக்கொள்கிறார்களா என்று தனியுரிமைக் கொள்கையில் தேடிப் பாருங்கள். அது எழுதப்படவில்லை என்றால் தொடர்பு அனுமதியை மறுத்துவிடுங்கள், வேண்டியவர்களின் எண்ணை ஒவ்வொன்றாக நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.