கல்லட்டியில் வந்த காதல்

ஆடும் தொங்கு பாலத்தில் ஒரு பெண்ணைச் சந்தித்த ஆண்கள், உறுதியான பாலத்தில் சந்தித்தவர்களைவிட அதிகமாக அவளுக்கு போன் செய்தார்கள், பயத்தின் படபடப்பே ஈர்ப்பாக மாறியது என்று ஒரு பதிவு சொல்கிறது. "தொங்கு பாலத்தில் ஏறத் துணிந்த ஆள், பெண்ணுக்கு போன் போடவும் துணிவான். இதில் பயத்துக்கு என்ன வேலை?" என்று அதைப் படித்த ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

அந்த ஆய்வைச் செய்த உளவியலாளர்கள் டட்டனும் ஆரனும் தங்கள் 1974 ஆய்வுக் கட்டுரையிலேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆய்வின் இரண்டாவது சுற்றில் ஆண்கள் எல்லோருமே கனடாவின் கப்பிலானோ தொங்கு பாலத்தைக் கடந்தவர்கள்தான். ஒரு பெண் அவர்களைப் பேட்டி எடுத்து, தன் போன் நம்பரைக் கொடுத்தார். சிலரிடம் பாலத்தின் மேலேயே பேட்டி. மற்றவர்களிடம் இறங்கிப் பத்து நிமிடமாவது ஆன பிறகு. நம்பர் வாங்கியவர்களில், ஆடும் பாலத்தில் நின்றவர்கள் 20 பேரில் 13 பேர் கூப்பிட்டார்கள். படபடப்பு அடங்கியவர்களில் 23க்கு 7தான். துணிச்சல் இரு பக்கமும் ஒன்றுதானே?

ஆனால் பயந்தால் யார்மேலும் காதல் வரும் என்று அந்தப் பதிவை எழுதியவர் முடித்தது தப்பு. 1981இல் உளவியலாளர் வொய்ட் குழுவினர் ஆண்களை நின்ற இடத்திலேயே ஓடவைத்து, ஒரு பெண்ணின் வீடியோவைக் காட்டினார்கள். சில நொடிகள் மட்டும் ஓடியவர்களைவிட, இரண்டு நிமிடம் ஓடியவர்களுக்கு, அழகாகத் தெரிந்த பெண்ணை இன்னும் பிடித்தது. வேண்டுமென்றே அழகு குறைத்துக் காட்டப்பட்டவரை இன்னும் பிடிக்காமல் போனது.

எனக்கு இது புதிதில்லை. கல்லூரி டூரில் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு கல்லட்டி வழியாக இறங்கினோம். 36 கொண்டை ஊசி வளைவுகள், வேனுக்குள் பிரேக் கருகும் வாடை. இடது பக்கம் இருந்தவன் "ஒண்ணுமில்ல" என்று வாட்டர் பாட்டிலை நீட்டினான். ஒரு வாரம் அவன் நினைப்புதான். வலது பக்கம் ஏற்கெனவே ஆகாத ஒரு சீனியர். அவரும் அதையேதான் சொன்னார். கடித்துவிடலாம் போல இருந்தது.