டிக்கெட்டில் ஒட்டிய ரகசியம் அழித்தால் போய்விடாது

வெள்ளிக்கிழமை நடந்தது என்னோடு வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும், முழுக்கதை வேண்டாம். சப்போர்ட் டிக்கெட்டில் ஹார் ஃபைலை இணைத்த வாடிக்கையாளரின் லாகின் செஷனை உடனே முடித்துவிடுங்கள், அந்த ஃபைலையும் நீக்குங்கள் என்றேன். "ஒரு ஃபைலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று குரூப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள்.

அந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று ஒருவராவது திறந்து பார்த்தீர்களா? பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே போய்வந்த அத்தனையும் அதில் பதிவாகியிருக்கும். நடுவில் இப்படி ஒரு வரி:

```
"name": "Cookie", "value": "sessionid=9f3c..."
```

செஷன் டோக்கன் எனப்படும் அந்த மதிப்பை எடுத்துத் தன் பிரவுசரில் போடுகிறவர், செஷன் முடியாதவரை, அந்த வாடிக்கையாளராகவே உள்ளே போய்விடலாம். பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்காது, அந்தச் சோதனையெல்லாம் முடிந்த பிறகு கிடைக்கிற அனுமதிச் சீட்டு அது.

நான் கற்பனை செய்து பயமுறுத்தவில்லை. 2023 செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை ஆக்டா நிறுவனத்தின் சப்போர்ட் டிக்கெட் சிஸ்டத்துக்குள் யாரோ நுழைந்து 134 வாடிக்கையாளர்களின் ஃபைல்களைப் பார்த்தார்கள். சிலவற்றில் இருந்த செஷன் டோக்கனை வைத்து 5 வாடிக்கையாளர்களின் செஷனையே கைப்பற்றினார்கள். லாகின் பாதுகாப்பையே தொழிலாகச் செய்யும் நிறுவனம் அது.

"குரோம் இப்போது குக்கீயை நீக்கிவிட்டுத்தானே சேமிக்கிறது?" உண்மைதான், புதிய குரோம் குக்கீ, Authorization ஹெடர் இரண்டையும் எடுத்துவிடுகிறது. ஆனால் பதிவு ஓடும்போதே லாகின் செய்திருந்தால் டைப் செய்த பாஸ்வேர்டு கோரிக்கையின் உடலில் அப்படியே இருக்கும். postData என்று தேடிப் பாருங்கள். யூஆர்எல்லில் ஒட்டிக்கொண்டு போகும் டோக்கனும் அப்படித்தான்.

"நம் ஆட்கள் மட்டும்தானே பார்க்கிறார்கள்?" யார் நம் ஆட்கள்? ஒப்பந்த ஊழியர், வேலையை விட்டுப் போன பிறகும் கணக்கு மூடப்படாதவர், இவர்களும் சேர்த்தியா?

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை டிக்கெட் விவரத்தில் எழுதினார். சொன்னதும் திருத்தி நட்சத்திரக் குறி போட்டார், சரி, முடிந்தது என்றார்கள். நாங்கள் டிக்கெட் வைத்திருந்த ஜிராவில் History பகுதியைத் திறந்தால் பழைய விவரம் முழுதாக நின்றது, அந்த டிக்கெட்டைப் பின்தொடர்கிற வாட்சர் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் மின்னஞ்சலும் போயிருந்தது. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று சொன்னதற்கு, சக ஊழியர்களை நம்பாதவள் என்று என்னைத்தான் பேசினார்கள். அந்த வார்த்தை இன்னும் வலிக்கிறது.

அதனால்தான் வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னேன்: முதலில் செஷனை முடியுங்கள், பாஸ்வேர்டு இருந்தால் மாற்றுங்கள், அப்புறம் ஃபைலை நீக்குங்கள். ஃபைலை மட்டும் நீக்கினால் ஏற்கெனவே டவுன்லோடு செய்தவரிடம் இருக்கும் பிரதி அப்படியே வேலை செய்யும். வாடிக்கையாளரிடம் ஃபைல் கேட்கும்போதே, பதிவு முடிந்ததும் லாகவுட் செய்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். சர்வர் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் அந்த டோக்கன் அதோடு செத்துவிடும். எங்கள் பதில் படிவத்தில் இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருந்தேன், இன்னும் சேர்க்கவில்லை.