பேச்சியம்மாள் யாருங்க, எண்பத்தஞ்சு ரூபா?

சிம்மக்கல் பக்கம் ஒரு மருந்துக்கடை. சாயங்காலம் ஆறரை மணி. கவுன்டரில் எட்டுப் பேர் நிற்கிறோம். பேன் மருந்து வாங்கினேன். பள்ளிக்கூடம் திறந்தால் மகள் தலையில் என்ன வரும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும், விளக்க வேண்டாம். மெதுவாகத்தான் கேட்டேன். கடைக்காரர் காகிதப் பையில் மடித்துத் தந்தார். அதுவரை கௌரவம் பத்திரமாக இருந்தது.

ஸ்கேன் செய்தேன், எண்பத்தைந்து ரூபாய். கடையில் தொகையைச் சொல்லும் பெட்டி ரிப்பேராம். அது இருந்திருந்தால் "எண்பத்தைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கும். அந்தப் பெட்டிக்கு இருக்கிற நாகரிகம்கூட மனுஷனுக்கு இல்லை. கவுன்டர் கண்ணாடி மேல், கூட்டத்தைப் பார்த்தபடி ஒரு போனைச் சாய்த்து வைத்திருந்தார். அதில் பெயர் வந்து விழுந்தது. கடைக்காரர் கோயில் மைக்கில் அறிவிக்கிற மாதிரி கேட்டார்: "பேச்சியம்மாள் யாருங்க, பேன் மருந்துக்கு எண்பத்தஞ்சு?"

என்னை ஊருக்கெல்லாம் நித்யா என்றுதான் தெரியும். பேச்சியம்மாள் என்பது அப்பத்தா வைத்த பெயர். பள்ளிச் சான்றிதழில் ஏறி, அங்கிருந்து பாங்க் கணக்குக்கும் போய்விட்டது. செயலியில் நான் என்ன பெயர், என்ன படம் வைத்திருந்தாலும், பணத்தோடு போவது பெரும்பாலும் பாங்கில் உள்ள பெயர்தான். எனக்குப் பின்னால் நின்றது யார்? எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் சார். மறுநாள் காலை, "வணக்கம் பேச்சியம்மாள் மேடம்!" தலையைச் சொறிவதுபோல ஒரு பாவனை வேறு.

கடைக்காரரிடம் கேட்டால் நியாயம் பேசுகிறார். "அக்கா, ஒரே நேரத்துல ரெண்டு பேரு எண்பத்தஞ்சு அனுப்புறாங்க. பழைய ஸ்க்ரீன்ஷாட்டக் காட்டிட்டுப் போறாங்க. பேரக் கேக்காம என்ன பண்ண?" சரி ஐயா. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண் ஒன்று இருக்கிறது. என் போனிலும் அதே எண், உங்கள் போனிலும் அதே எண். கடைசி நாலு இலக்கத்தைக் கேட்டால் யார் அனுப்பியது என்று தெரிந்துவிடும். போனை உங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டால் எவன் தலையில் பேன் என்று எவனுக்கும் தெரியாது.

பணம் வாங்குகிறவரின் பாங்க் பெயரை அனுப்புகிறவருக்குக் காட்ட வேண்டும் என்று 2025 ஜூன் 30-லிருந்து விதி. நல்ல விதிதான், யாருக்குக் கொடுக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் என் பெயர் வரிசையில் நிற்கிற மற்ற ஏழு பேருக்கு எதற்கு?

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்: "வணக்கம் பேச்சியம்மாள் மேடம், சுகர் மாத்திரை சலுகை விலையில்." எனக்குச் சுகரே இல்லை! நம்பர் எப்படிக் கிடைத்தது என்று மண்டையைக் குடைந்தேன். கடைக்கார அண்ணன் ஒட்டியிருந்தது கடைக்கான க்யூஆர் இல்லை, அவருடைய சொந்தக் கணக்கின் க்யூஆர். அதில் பணம் போனால் அவர் போனில் என் பெயருக்குக் கீழே என் யுபிஐ ஐடியும் தெரிகிறது. என் ஐடியில் @ குறிக்கு முன்னால் இருந்தது என் பத்து இலக்க மொபைல் நம்பர். செயலி அன்றைக்கு அப்படியே போட்டுக் கொடுத்தது, நானும் சரி என்று அமுக்கிவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் கீரைக்கார அம்மா, ஷேர் ஆட்டோ டிரைவர், ஜிகர்தண்டா கடைப் பையன் என்று எத்தனை பேருக்கு நம்பரை வாரி வழங்கியிருக்கிறேன்!

அன்றிரவே உட்கார்ந்து செயலியின் சுயவிவரப் பக்கத்தில் நம்பர் இல்லாமல் புது ஐடி உருவாக்கினேன். உருவாக்கினால் மட்டும் போதாது. பணம் அனுப்பும்போது பழைய ஐடியே முன்னால் வந்து நிற்கிறது. புதியதை முதன்மையாக மாற்றி, பழையதை அழித்த பிறகுதான் வழிக்கு வந்தது. ஆனாலும் ஏற்கெனவே போன பணத்தின் பட்டியல் அவரவர் போனில் அப்படியே கிடக்கும். பெயரும் மாறாது. அதை மாற்ற பாங்குக்கு ஆதாரங்களோடு போக வேண்டும். அப்பத்தா சொர்க்கத்திலிருந்து சாபம் விடுவாள், வேண்டாம்.

இவ்வளவு மானமும் போய் வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால், டப்பாவில் "சீப்பு இலவசம்" என்று போட்டிருக்கிறது, உள்ளே சீப்பைக் காணோம். போய்க் கேட்கலாம்தான். "பேச்சியம்மாள் அக்காவுக்கு ஒரு பேன் சீப்பு எடுப்பா" என்று கூவுவார்.