ஐஸ்பெட்டிக் கண்ணாடித் தட்டு: எப்படி உடைந்தது என்று முதலில் பாருங்கள்

தட்டில் ஒரே ஒரு கோடு விழுந்து, மற்றபடி அப்படியே நிற்கிறதா? அது சாதாரணக் கண்ணாடி. சூடேற்றி உறுதியாக்கிய டெம்பர்ட் கண்ணாடி அப்படி நிற்காது, உடைந்தால் முழுத் தட்டும் கல்கண்டு மாதிரி கொட்டிவிடும். எதை வாங்குவது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் கண்ணாடிக் கடைக்குப் போனால், கேட்ட அளவில் சாதாரணக் கண்ணாடியை அங்கேயே வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். விலையும் மலிவு. ஆனால் கொட்டிப்போனது டெம்பர்ட் என்றால் இதை வாங்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி சூட்டு வித்தியாசத்தைத் தாங்காது. தீபாவளிக்குச் சமைத்த ஆட்டுக்கறியைச் சட்டியோடு சுடச்சுட வைத்தால் விரிசல் விடும், உடைந்தால் கத்தி போன்ற துண்டுகள் விழும். டெம்பர்ட் கண்ணாடியைச் சூடேற்றிக் கெட்டியாக்கிய பிறகு வெட்ட முடியாது. அதனால் தொழிற்சாலையிலிருந்து வரவழைக்க வேண்டும், அளவு முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும்.

முதல் வழி, அசல் தட்டு. ஐஸ்பெட்டியின் உள் பக்கச் சுவரில், பெரும்பாலும் காய்கறிப் பெட்டி அருகே, மாடல் எண் ஒட்டியிருக்கும். அதைப் படமெடுத்து, நடுத்தட்டா, காய்கறிப் பெட்டிக்கு மேல் மூடியாக இருப்பதா என்றும் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் ஒரே அளவு இல்லை. ஷோப்பியில் 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று போட்டிருப்பதை நான் நம்பமாட்டேன்.

அசல் கிடைக்காவிட்டால் அளவு எடுங்கள். பிளாஸ்டிக் சட்டம் நல்லதாக இருந்தால், பள்ளத்தின் அடியிலிருந்து எதிர்ப் பள்ளத்தின் அடிவரை அளந்து 2 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். 452 வந்தால் 450 சொல்லுங்கள். அங்குலக் கணக்கில் சொன்னால் இந்தச் சிறு வித்தியாசம் காணாமல் போய்விடும். தடிமனை உடைந்த துண்டில் பாருங்கள், பல தட்டுகளில் 4 மில்லிமீட்டர்தான். ஆழத்தை மட்டும் கூட்டாதீர்கள். தட்டு பின்சுவரை ஒட்டினால் குளிர்காற்று கீழே இறங்காது, காய்கறி வாடும். நான்கு ஓரத்தையும் தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.

கழற்றும்போது கையுறையும் செருப்பும் போட்டு, கோடு விழுந்த கண்ணாடியின் இரு பக்கமும் அகலமான டேப் ஒட்டிவிடுங்கள். கதவை முழுக்கத் திறந்தால்தான் தட்டு வெளியே வரும். பொடியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பின்சுவர் அடியில் தண்ணீர் வடியும் துவாரத்தையும் பாருங்கள். சட்டத்தின் பள்ளத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே ஒரு துகள் இருந்தாலும் பாரம் முழுக்க அந்தப் புள்ளியில் இறங்கி, புதுக் கண்ணாடி ஓரத்திலிருந்தே உடையும். மாட்டிய பிறகு மூலைக்கு மூலை அழுத்துங்கள். ஆடினால் எடுத்து மறுபடி உட்கார வையுங்கள், தட்டித் திணிக்காதீர்கள்.

கதவுப் பக்கப் பிளாஸ்டிக் தட்டில் கொக்கி உடைந்திருந்தால் சூப்பர் குளூ போட வேண்டாம். பாட்டில் பாரமும் கதவின் ஆட்டமும் சேர்ந்து பிய்த்துவிடும். அதை மாடல் எண் பார்த்து மாற்றத்தான் வேண்டும். கண்ணாடி கொட்டியபோது உள்ளே மூடாமல் இருந்த சாப்பாட்டையும் கொட்டிவிடுங்கள், கழுவிப் பார்க்க வேண்டாம்.