லொகேஷன் பார்க்கப் போகும்போது காதையும் கொண்டுபோங்கள்

இன்று காலை வாட்ஸ்அப்பில் இன்னொரு வீடியோ. புதுப் படத்துக்கான வீடாம். வாசல், கூடம், முற்றம், கொல்லைப்புறம் என்று கேமரா சுற்றிச் சுற்றி வருகிறது, பின்னணியில் சினிமாப் பாட்டு. அந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கிறது என்பதைப் பாட்டைப் போட்டு மூடிவிட்டு, அங்கே போய் லைவ் சவுண்ட் எடுக்க வேண்டிய எனக்கே அதை அனுப்பி, "வீடு ஓகேவான்னு சொல்லுங்கண்ணே" என்று கேட்கிறார்கள். எதைக் கேட்டு ஓகே சொல்வது?

போன ஜூனில் கும்பகோணத்தில் பட்டது இன்னும் ஆறவில்லை. அதற்குள் மறுபடியும் இது.

அந்த வீட்டையும் இப்படித்தான் பார்த்தார்கள். ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். டைரக்டர், கேமராமேன், மேனேஜர் மூன்று பேரும் போனார்கள். சவுண்ட் ஆளைக் கூட்டிப் போகவில்லை, ஒரு ஆள் கூடினால் பேட்டா கூடுமாம். ஓடு வேய்ந்த பழைய வீடு, வடக்குப் பார்த்த திண்ணை, மரத் தூண், தெருவில் ஈ காக்கை இல்லை. "அவ்வளவு அமைதி, ஊசி விழுந்தா கேக்கும்" என்று மேனேஜர் ஃபோனில் சொன்னார். ஞாயிறு மத்தியானம் எந்தத் தெருதான் அமைதியாக இருக்காது?

ஷூட்டிங் செவ்வாய்க்கிழமை. திண்ணையில் அம்மாவும் மகளும் பேசும் காட்சி. படத்தின் உயிரே அதுதான். அம்மாவாக நடித்தவர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர், கேமரா முன்னால் நிற்பது அதுதான் முதல் தடவை. பூம் மைக்கைத் தலைக்கு மேலே பிடித்து, ஹெட்ஃபோனை மாட்டி, "ரோலிங்" என்று சொன்னேன். அந்த அம்மா வாயைத் திறந்தார். டங். டங். டங்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரப் பட்டறை. கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரம் செய்வார்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். அந்த ஊரில் வீடு பார்க்கப் போகிறவர் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க மாட்டாரா? தெருமுனை டீக்கடைக்காரரிடம், "அண்ணே, வார நாள்ல இங்க என்ன சத்தம் இருக்கும்?" என்று ஒரு கேள்வி கேட்டால் குடியா முழுகிவிடும்?

நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினோம். பட்டறைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, சனிக்கிழமை டெலிவரி. ஆளுங்களுக்கு உருப்படிக்குத்தான் கூலி. நான் நிறுத்தினா அவங்க என்ன சாப்பிடுவாங்க?" அவர் சொன்னதில் என்ன தப்பு? அவர் பிழைப்பு அங்கேதான் நடக்கிறது. ஜனவரியிலேயே பேசி, அந்த ஒரு நாள் கூலியைக் கொடுத்து முடித்திருந்தால் அவரும் ஒத்துக்கொண்டிருப்பார். ஷாட் வைத்துவிட்டுப் போய்க் கேட்டால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

உடனே எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "எடுங்கண்ணே, சவுண்டைப் பின்னாடி க்ளீன் பண்ணிக்கலாம்." இதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஃபேன் ஓடுகிற சத்தம், ஃபிரிட்ஜின் உறுமல் எல்லாம் ஒரே சீராக இருப்பவை. அவற்றை ஓரளவு குறைக்கலாம். சம்மட்டி அடி அப்படியில்லை. ஒவ்வொரு அடியும் திடீரென்று வரும், பேச்சு இருக்கிற அதே அலைவரிசையில் பரவி உட்காரும். அதை எடுக்கப் போனால் கூடவே குரலும் பிய்ந்துகொண்டு வரும். போதாக்குறைக்கு எடிட்டிங்கில் அம்மா முகத்திலிருந்து மகள் முகத்துக்கு வெட்டும்போது ஒரு அடி பாதியில் அறுந்து, இன்னொன்று பாதியில் தொடங்கும். சரி, டப்பிங் பேசட்டும் என்றால், முதல் தடவை நடிக்கிற அந்த அம்மா இருட்டு அறையில் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசி, அன்றைக்குத் திண்ணையில் குரல் தழுதழுத்த மாதிரி மறுபடியும் கொண்டுவருவாரா?

காட்சியைச் சாயங்காலத்துக்குத் தள்ளினார்கள். பட்டறை ஐந்து மணிக்கு மூடியது. அப்பாடா என்று திரும்பினால், கேமராமேன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். திண்ணை முழுக்க வெயில், அந்த அம்மாவின் முகத்தில் சாய்ந்து அடிக்கிறது.

வடக்குப் பார்த்த திண்ணை நாள் முழுக்க நிழலாக இருக்கும் என்று ஜனவரியில் பார்த்து முடிவு செய்துவிட்டார்கள். ஜனவரியில் அது உண்மைதான். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து போகும், வடக்கு வாசலை எட்டிக்கூடப் பார்க்காது. ஆனால் கும்பகோணம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில். ஜூனில் சூரியன் 23 டிகிரிக்கு மேல் வடக்கே ஏறிவிடுகிறது. அந்த மாதம் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, உச்சிப் பொழுதிலும் நம் தலைக்கு வடக்கே நின்று, மேற்குக்குச் சற்று வடக்கே இறங்கும். மத்தியானம் உயரத்தில் இருப்பதால் ஓட்டுச் சரிவு மறைத்துவிடும். அதிகாலையிலும் ஐந்து மணிக்கு மேலும் தாழ்ந்து வரும்போது நேராகத் திண்ணைக்குள் நுழையும். உத்தராயணம், தட்சிணாயனம் என்று நம் வீட்டுக் காலண்டரே சொல்கிறது. ஃபோனில் சூரியன் போகிற பாதையைக் காட்டும் செயலியில் ஷூட்டிங் தேதியைப் போட்டு, திண்ணையில் நின்று ஒரு தரம் தூக்கிப் பிடித்தால் போதும்.

வெயிலை மறைக்கத் துணி கட்டினோம், உள்ளே இருட்டியது. லைட் போடலாம் என்றார்கள். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு 15 ஆம்பியர் பிளக், அதுவும் சமையலறையில் கிரைண்டருக்காகப் போட்டது. 230 வோல்ட்டில் அது தாங்குவது 3,450 வாட். இவர்கள் கொண்டுவந்தது இரண்டு 2,000 வாட் லைட். பெருக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது லைட்டைப் போட்டதும் ஃபியூஸ் போனது. மீட்டர் பெட்டியைத் திறந்தால் கம்பி சுற்றிய பழைய பீங்கான் ஃபியூஸ், எர்த் ஒயரே இல்லை. வயரிங் பற்றி எரியாமல் விட்டதே பெரிது.

அவசரமாக ஜெனரேட்டர் வண்டி வந்தது. தெருமுனைக்கு அப்பால் கட்டடத்தின் மறைவில் நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். அங்கிருந்து வீட்டுக்கு 200 அடி இருக்கும், கேபிள் 100 அடிதான். வீட்டு வாசலிலேயே நிறுத்தினார்கள். சைலண்ட் ஜெனரேட்டர் என்று பெயர், என் ஹெட்ஃபோனில் அது அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்து உறுமுகிறது.

இத்தனைக்கும் அங்கே செய்ய வேண்டியிருந்தது பெரிய வித்தையே இல்லை. ஷூட்டிங் எந்தக் கிழமையோ அதே கிழமையில், அதே நேரத்தில் போக வேண்டும். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வாயை மூடி ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். கூடத்தில் ஒரு கை தட்டி எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்க வேண்டும். ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்து எனக்கு அனுப்ப வேண்டும், பாட்டுப் போடாமல். மீட்டர் பெட்டியைத் திறந்து ஒரு ஃபோட்டோ. மாதாந்திரப் பராமரிப்புக்கு அந்தப் பகுதியில் என்றைக்குக் கரண்ட் போகும் என்று ஒரு விசாரிப்பு. இதற்கு ஒரு மணி நேரம் ஆகுமா? அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்து, அறுபது பேரை ஒரு நாள் முழுக்கத் தெருவில் உட்கார வைத்தார்கள். கடைசியில் கால்ஷீட் தள்ளிப்போனதற்குக் காரணம் என்று தயாரிப்பாளரிடம் சொன்னது என்ன தெரியுமா? "சவுண்ட்ல லேட் ஆயிடுச்சு சார்."

அப்புறம், இதையும் சொல்லிவிடுகிறேன். பிரேக் விட்டதும் எல்லோரும் பந்திக்கு ஓடிவிடுகிறீர்கள். நாங்கள் ஒவ்வொரு நடிகரிடமும் மைக்கைக் கழற்றி, பேட்டரி மாற்றி, ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு வருவதற்குள் கூட்டு, பொரியல், வடை எல்லாம் தீர்ந்து ரசம்தான் மிச்சம் இருக்கிறது. சவுண்ட் டிபார்ட்மெண்ட்டுக்கு நாலு இலைச் சாப்பாடு எடுத்து மூடி வைக்கச் சொல்லி எத்தனை புரொடக்‌ஷன் மேனேஜரிடம்தான் கேட்பது?