ஜிஏபிடிஹெச் மாறாதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?

சனிக்கிழமை மீட்டிங்ல என்ன நடந்ததுன்னு இங்க இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும், மறுபடி முழுசா எழுதப்போறதில்ல. ஆக்ஸிஜன் குறைச்சா ஒரு ஜீன் குறையுதுன்னு ஒரு பொண்ணு ஸ்லைடு காட்டுச்சு, அளவு மாறாதுன்னு நம்பி ஒப்பிட வெச்ச ஜீன் ஜிஏபிடிஹெச். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இந்த ஸ்லைடுக்குப் பின்னாடி இருக்கிற ஜிஏபிடிஹெச்சோட சிடி வேல்யூவக் காட்டுங்க, ஆக்ஸிஜன் குறைச்ச செட்லயும் குறைக்காத செட்லயும்." அவ்ளோதான். அதுக்கு வந்த பதில், "ஹவுஸ்கீப்பிங் ஜீன்னா ஹவுஸ்கீப்பிங் ஜீன்தான், எல்லாரும் இதத்தான் போடுறாங்க, நீங்க எப்பவும் எல்லாத்துலயும் குறை கண்டுபிடிக்கிற ஆளு." அப்புறம் நாலு பேர் சிரிச்சாங்க. சிரிச்சதுல ரெண்டு பேர் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்காங்க, படிக்கட்டும்.

குறை கண்டுபிடிக்கணும்னு கேக்கல. அந்தக் குழியில நானே எட்டு மாசம் கிடந்திருக்கேன், அதனாலதான் கேட்டேன்.

முதல்ல இந்தக் கணக்கு என்ன செய்யுதுன்னு பாத்துடலாம். ஒரு ஜீனோட ஆர்என்ஏ எவ்வளவு இருக்குன்னு அளக்கிற கியூபிசிஆர்ல மெஷின் நமக்குக் கொடுக்கிறது சிடி மட்டும்தான், அதாவது எத்தனாவது சைக்கிள்ல சிக்னல் கோட்டைத் தாண்டுச்சுன்னு. ஒரு சைக்கிள் முன்னாடி வந்தா ஆரம்பத்துல சரக்கு ரெண்டு மடங்கு இருந்துச்சுன்னு அர்த்தம். ஆனா ஒரு டியூப்ல ஆர்என்ஏ கொஞ்சம் கூட விழுந்திருக்கலாம், இன்னொண்ணுல ஆர்என்ஏவை டிஎன்ஏவா மாத்துற சிடிஎன்ஏ ரியாக்‌ஷன் மந்தமா நடந்திருக்கலாம். அதனால எல்லா டியூப்லயும் ஒரே அளவு இருக்கும்னு நம்புற ஒரு ஜீனைப் பக்கத்துல வெச்சு, அதைக் கழிச்சுடுறோம்.

```
ΔCt  = Ct(target) − Ct(GAPDH)
ΔΔCt = ΔCt(hypoxia) − ΔCt(normoxia)
fold = 2^(−ΔΔCt)
```

target நாம அளக்க வந்த ஜீன், hypoxia ஆக்ஸிஜன் குறைச்ச செட், normoxia சாதா செட். மொத்தக் கணக்கும் அந்த "நம்புற"ங்கிற ஒரு வார்த்தை மேலதான் நிக்குது. ரெஃபரன்ஸ் ஜீன் ட்ரீட்மெண்ட்டால மாறலன்னா கணக்கு சரி. மாறிடுச்சுன்னா அந்த மாற்றத்தை அப்படியே தலைகீழாக்கி நம்ம டார்கெட் ஜீன் தலையில கட்டிடும். எங்கயும் எர்ரர் மெசேஜ் வராது, ஒரு வெல் கூட ஃபெயில் ஆகாது, மெல்ட் கர்வ் அழகா ஒத்தைச் சிகரமா இருக்கும்.

இப்ப என் கதை. பிஹெச்டி ரெண்டாவது வருஷம். செல்களை ஒரு சதவீத ஆக்ஸிஜன்ல 24 மணி நேரம் வெச்சு ஒரு ஜீன் ஏறுதா இறங்குதான்னு பாக்கணும். எல்லா சாம்பிளுக்கும் சரியா 500 நானோகிராம் ஆர்என்ஏ எடுத்துதான் சிடிஎன்ஏ பண்ணேன். சாதா செட்ல டார்கெட் 26.0, ஜிஏபிடிஹெச் 18.0, வித்தியாசம் 8.0. ஆக்ஸிஜன் குறைச்ச செட்ல டார்கெட் 25.0, ஜிஏபிடிஹெச் 16.5, வித்தியாசம் 8.5. கழிச்சா 0.5, அதைக் கணக்குல போட்டா 0.71. அதாவது ஜீன் முப்பது சதவீதம் குறைஞ்சிடுச்சு. மூணு தடவை தனித்தனியா செல் வளத்துப் பண்ணேன், மூணு தடவையும் அதேதான். எர்ரர் பார் துளியூண்டு. சந்தோஷமா இருந்துச்சு.

ஆனா புரோட்டீனை நேரா அளக்கிற வெஸ்டர்ன் ப்ளாட்ல புரோட்டீன் ஏறுது. எம்ஆர்என்ஏ இறங்குது, புரோட்டீன் ஏறுது. இதுக்கு நான் ஒரு கதை கட்டினேன் பாருங்க, ட்ரான்ஸ்லேஷன் லெவல்ல கண்ட்ரோல் நடக்குது, புரோட்டீன் உடையாம நிலைச்சு நிக்குதுன்னு. அதை நிரூபிக்க புரோட்டீன் உற்பத்திய நிறுத்துற மருந்து போட்டு மணிக்கணக்கா சாம்பிள் எடுத்து, ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் லேப்ல நின்னுருக்கேன். எட்டு மாசம். கடைசில வேற லேப்ல இருந்து வந்த ஒரு சீனியர் அக்கா என் கிராஃபைப் பாக்கவே இல்ல. "கிராஃப் வேணாம்டா, ஜிஏபிடிஹெச்சோட சிடி நம்பர்களை மட்டும் காட்டு"ன்னாங்க. காட்டினேன். 18.0, 18.1, 17.9, அப்புறம் 16.5, 16.4, 16.6. அவங்க ஒண்ணும் சொல்லல, என் முகத்தையே பாத்தாங்க. எனக்கு வயித்தப் பிசைஞ்சுடுச்சு.

ஜிஏபிடிஹெச் என்ன வேலை பாக்குற என்சைம்? க்ளைகாலிசிஸ், அதாவது சர்க்கரையை உடைச்சு சக்தி எடுக்கிற வேலை. ஆக்ஸிஜன் இல்லன்னா செல் எதைக் கூட்டும்? அதையேதான். ஹெச்ஐஎஃப்-1ங்கிற புரோட்டீன் க்ளைகாலிசிஸ் ஜீன்களை வரிசையா ஏத்திவிடும், அந்த வரிசையில ஜிஏபிடிஹெச்சும் ஒண்ணு. அதாவது நான் அளந்துக்கிட்டு இருந்த ட்ரீட்மெண்ட்டே என் அளவுகோலை நீட்டி விட்டுடுச்சு.

அக்கா டிபிபிங்கிற இன்னொரு ரெஃபரன்ஸ் ஜீனுக்கு ப்ரைமர் கொடுத்தாங்க, அதுக்கும் க்ளைகாலிசிஸுக்கும் சம்பந்தமில்ல. அதே சிடிஎன்ஏ, அதே ப்ளேட். டிபிபி சாதா செட்ல 27.0, ஆக்ஸிஜன் குறைச்ச செட்ல 27.1. இப்ப கணக்குப் போடுங்க. டார்கெட் 26.0ல இருந்து 27.0 போனா மைனஸ் 1.0, 25.0ல இருந்து 27.1 போனா மைனஸ் 2.1. வித்தியாசம் மைனஸ் 1.1, மடங்கு 2.14. முப்பது சதவீதம் குறைஞ்ச ஜீன் இப்ப ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடுச்சு. ஜிஏபிடிஹெச்சையே டிபிபி வெச்சு அளந்தா அதுவும் மூணு மடங்கு ஏறியிருக்கு. வெஸ்டர்ன் ப்ளாட் முதல் நாள்ல இருந்து சரியாத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு, நான்தான் கேக்கல.

அளவு கொஞ்சம் முன்னப்பின்ன ஆச்சுன்னா கூடப் பரவால்ல, இங்க திசையே மாறிடுச்சு. இதத்தான் சனிக்கிழமை சொல்ல வந்தேன், முடிக்க விடல.

இப்ப கமெண்ட்ல வரப்போறதெல்லாம் எனக்குத் தெரியும். "பி வேல்யூ 0.01க்குக் கீழ இருக்கே, மூணு ரெப்ளிகேட்டும் ஒத்துப்போகுதே"ன்னு சொல்லுவீங்க. எனக்கும் ஒத்துப்போச்சுங்க. ஜிஏபிடிஹெச் ஒவ்வொரு தடவையும் அதே ஒன்றரை சைக்கிள் நகர்ந்தா தப்பும் ஒவ்வொரு தடவையும் அதே அளவு தப்பாத்தான் வரும், எர்ரர் பார் சின்னதாத்தான் இருக்கும். ஒரு பக்கமா சாயுற தப்பை பி வேல்யூவால பிடிக்கவே முடியாது.

"சிடி நகர்ந்தா அது ஆர்என்ஏ கூட விழுந்ததாலயும் இருக்கலாமே, அதுக்குத்தானே ரெஃபரன்ஸ்?" இது நல்ல கேள்வி, இதை யாராவது சனிக்கிழமை கேட்டிருந்தா நான் உக்காந்து பேசியிருப்பேன். ஆமா, ஒரே ஒரு ரெஃபரன்ஸ் ஜீன் இருந்தா இது ரெண்டையும் பிரிக்கவே முடியாது. அதனாலதான் ரெண்டாவது ஜீன் வேணும்ங்கிறேன், அதுவும் வேற வேலை பாக்குற ஜீன். ஆர்என்ஏ கூட விழுந்திருந்தா ரெண்டும் சேந்து அதே அளவு நகரும். ஒண்ணு மட்டும் நகர்ந்தா ஜீன்தான் மாறியிருக்கு. எல்லா சாம்பிளுக்கும் ஒரே அளவு ஆர்என்ஏ போட்டிருந்தா இன்னும் சுலபம், ட்ரீட்மெண்ட் பண்ண அத்தனை சாம்பிளும் ஒரே பக்கம் சாயுதா, இல்ல அங்கயும் இங்கயுமா சிதறுதான்னு சும்மா பாத்தாலே போதும். சிதறினா ரெஃபரன்ஸ் அதைச் சரி பண்ணிடும், அதுக்குத்தான் அது இருக்கு. எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சா நில்லுங்க, மேல கணக்குப் போடாதீங்க.

"ரெஃபரன்ஸ் ஜீன்ல எது நிலையானதுன்னு சொல்ற ஜீநார்ம் ப்ரோகிராம்ல போட்டோம், ஜிஏபிடிஹெச்தான் நிலையானதுன்னு வந்துச்சு." கூட எந்தெந்த ஜீனைப் போட்டீங்க? நான் ஒரு ஷீட் பாத்தேன், பட்டியல்ல ஜிஏபிடிஹெச், பிஜிகே1, இன்னும் ஒண்ணு. ஜீநார்ம் பாக்கிறது எந்த ரெண்டு ஜீன் ஒண்ணா நகருதுன்னு. பிஜிகே1ம் க்ளைகாலிசிஸ்தான், அதுவும் ஹெச்ஐஎஃப்-1 ஏத்துற ஜீன்தான். ரெண்டும் கைகோத்துக்கிட்டு மேல ஏறினா அதுங்க ரெண்டும்தான் ரொம்ப நிலையானதுன்னு சொல்லும், நகராம நின்ன மூணாவது ஜீனைக் கெட்டதுன்னு தள்ளிடும். வெவ்வேற வேலை பாக்குற ஜீன்களைக் கொடுத்தாதான் அந்த முடிவுக்கு மதிப்பு.

"ஜிஏபிடிஹெச் 18லயே வருது, டிபிபி 27ல வருது, லேட்டா வர்றதை நம்ப முடியாது." 27 ஒண்ணும் லேட் கிடையாது, 35ன்னா பயப்படலாம். டார்கெட்டே 26ல வரும்போது அது பக்கத்துல வர்ற ரெஃபரன்ஸ் நல்லதுதான்.

"எஃபிஷியன்சி பாத்தீங்களா?" பாத்தேன், ஸ்டாண்டர்ட் கர்வ் ஸ்லோப் மைனஸ் 3.3 பக்கம், அதாவது சைக்கிளுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பெருகுது. பாக்காம விட்டாலும் தப்புதான், ஒத்துக்கிறேன், சைக்கிளுக்கு 1.9 மடங்குதான் பெருகியிருந்து, நீங்க 2ன்னு போட்டா அஞ்சு சைக்கிள் வித்தியாசத்துல 25 மடங்கை 32ன்னு எழுதிடுவீங்க. ஆனா அது அளவுதான் மாறும். எனக்கு ஏற்றமே இறக்கமா மாறுச்சே, அது பக்கத்துல இது தூசு.

"எல்லாரும் போடுறாங்க." இதுதாங்க என்னால தாங்க முடியல. இந்த ஃபார்முலாவை எழுதின லிவாக், ஷ்மிட்ஜென் 2001 பேப்பரைத் திறந்து பாருங்க, எல்லா தீசிஸ்லயும் அதத்தானே சைட் பண்றோம். ட்ரீட்மெண்ட்டால ரெஃபரன்ஸ் ஜீன் மாறுதான்னு எப்படிச் சோதிக்கணும்னு அதுலயே எழுதியிருக்காங்க. சீரம் இல்லாம வெச்ச எலி செல்லுக்கு மறுபடி சீரம் கொடுத்து ரெண்டு ஜீனைப் பாக்குறாங்க. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மாறல. இன்னொண்ணு ஏறிடுச்சு, இந்தச் சோதனைக்கு இது ஆகாதுன்னு எழுதிட்டாங்க. அந்த இன்னொண்ணு எது தெரியுமா? ஜிஏபிடிஹெச். மெத்தட் எழுதினவங்களே 2001லயே பேர் சொல்லி எச்சரிச்சிருக்காங்க, நாம அவங்க பேரைப் போட்டுட்டு அதே ஜீனையும் போடுறோம். கியூபிசிஆரை எப்படிச் செஞ்சு எப்படி ரிப்போர்ட் பண்ணணும்னு சொல்ற எம்ஐகியூஇ வழிகாட்டுதல் 2009ல வந்துச்சு, ரெஃபரன்ஸ் ஜீனை உங்க சாம்பிள்ல சோதிச்சுக் காட்டுங்க, ஒண்ணே ஒண்ணை வெச்சா காரணம் காட்டுங்கன்னு அதுலயும் இருக்கு. இதெல்லாம் என் சொந்தப் பிடிவாதம் மாதிரி எப்படிங்க சிரிக்க முடியுது?

நான் ஜிஏபிடிஹெச்சைத் தூக்கிப் போடச் சொல்லல. உங்க ட்ரீட்மெண்ட்ல அது நகரலன்னு காட்டிட்டா தாராளமா வெச்சுக்கோங்க. ரெண்டு மூணு ஜீன் நின்னா அதோட சிடிகளைச் சராசரி எடுத்துக் கழிச்சுக்கோங்க, இன்னும் நல்லது. "செலவு, நேரம்"னு சொல்றவங்களுக்கு, ட்ரீட்மெண்ட் மூணு சாதா மூணுன்னு ஆறு சாம்பிள், நாலஞ்சு ஜீன், ஒரே ஒரு ப்ளேட்ல முடிஞ்சிடும். எனக்குப் போனது எட்டு மாசம்.

என்னைப் பாத்து சிரிச்சது கூட ஆறிடும். மேடையில நின்ன அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சிடுச்சு, அதுதான் மனசுல நிக்குது. அந்த ஸ்லைடு அவ ஒரு வருஷ உழைப்பு. நான் கேட்டது அவளைக் கவுக்கன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருப்பாங்க. யாருக்கும் தெரியாம அடுத்த வருஷம் ஒரு ரெவியூவர் அதே கேள்வியைக் கேக்கிறதுக்கு நான் இப்ப கேட்டது மேல் இல்லையா, இல்ல அப்படியே பேப்பராகி இன்னொரு பிள்ளை அதை நம்பி இன்னொரு வருஷம் போட்டா? அவளோட ஜீனும் "குறையுது"ன்னுதான் ஸ்லைடுல இருந்துச்சு. அது உண்மையிலயே குறையுதா, இல்ல ஜிஏபிடிஹெச் ஏறுனதால குறையுற மாதிரி தெரியுதான்னு எனக்கும் தெரியாது, அந்த ரூம்ல இருந்த ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஜிஏபிடிஹெச் சிடி நம்பர்களைக் காட்டியிருந்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

தங்கச்சி, நீ இதைப் படிச்சா, சிடிஎன்ஏ மிச்சம் இருக்கும்ல, தூக்கிப் போட்டுடாத. டிபிபி ப்ரைமரும் ஆர்பிஎல்13ஏ ப்ரைமரும் என்கிட்ட சோதிச்சு வெச்சிருக்கேன். இன்பாக்ஸ்ல சொல்லு, கொடுத்தனுப்புறேன்.